பேசினுக்குள் ஒரு கடல்: மூன்றாம், நான்காம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சிப் பாடம்

நீர்ச்சுழற்சி வரைபடம் மாட்டாத தொடக்கப்பள்ளி வகுப்பறை அரிது. கடல், சூரியன், மேகம், மலை, ஆறு. நடுவே வளைந்து வளைந்து அம்புக்குறிகள். அந்தப் படத்தில் இருப்பதில் பெரும்பகுதியை எட்டு வயதுக் குழந்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மழை தெரியும், மேகம் தெரியும், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் தெரியும். பார்த்திராதது ஒன்றே ஒன்றுதான்: கடலிலிருந்து மேலே போகிறதே ஓர் அம்புக்குறி, அது. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அங்கே போய்க்கொண்டிருக்கும் நீராவிக்கு நிறமும் இல்லை, உருவமும் இல்லை. ஆனால் வழக்கமான பாடம் நேரத்தைச் செலவிடுவது தெரிந்த பகுதிகளில்தான். தெரியாத பகுதியை ‘சூரிய வெப்பத்தால் நீர் ஆவியாகி மேலே செல்கிறது’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பாடத்தின் முக்கால் பங்கு நேரம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு படிக்கே போகட்டும். வகுப்பில் வைக்கும் மாதிரியும் மழை பெய்வதை வேடிக்கை காட்டுவதற்காக இருக்க வேண்டாம். தண்ணீர் காற்றுக்குள் போய்த்தான் திரும்பி வந்தது என்பதற்குச் சான்று தருவதாக இருக்கட்டும்.

இந்தப் படியில்தான் குழந்தைகள் தடுமாறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் பதிவான செய்தி. நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி 1983இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பனிக்கட்டி போட்டு மூடிய ஜாடியின் வெளிப்புறத்தில் துளிகள் எப்படி வந்தன என்று கேட்டபோது, உள்ளே இருந்த தண்ணீர் கண்ணாடி வழியாகக் கசிந்து வந்தது என்று சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். குளிர்ச்சியே வெளியே வந்து தண்ணீராக மாறியது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இஸ்ரேலில் வர்தா பார் என்ற ஆய்வாளர் ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்களிடம் நீர்ச்சுழற்சி பற்றியே கேட்டு 1989இல் எழுதினார். சிறிய குழந்தைகளுக்குக் காய்ந்துபோன தண்ணீர் வெறுமனே இல்லாமல் போகிறது, அல்லது தரைக்குள் இறங்கிவிடுகிறது. காற்றுக்குள் தண்ணீர் இருக்க முடியும் என்ற எண்ணம் பிடிபடுவதற்கு வயது ஏறவேண்டியிருக்கிறது. இவற்றைத் தவறான விடைகள் என்று ஒதுக்கக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் வைத்து யோசிக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. தரை ஈரம் காய்ந்தது, மேலே எதுவும் போகவில்லை, ஆகவே கீழே போயிருக்கும். அந்த யோசனையை அசைக்க வேண்டுமானால் அதே தரத்தில் இன்னொரு சான்று வேண்டும். அம்புக்குறி சான்று ஆகாது.

நடைமுறையில் அதிகம் காணப்படும் இரண்டு மாதிரிகளையும் இந்த அளவுகோலால் பார்த்துவிடலாம். முதலாவது, தண்ணீரைக் கொதிக்கவைத்து, எழும் ஆவிக்கு மேலே குளிர்ந்த தட்டைப் பிடிப்பது. வேகமாக நடக்கும், துளி சொட்டும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டு போவார்கள். கடல் எங்கும் கொதிப்பதில்லை. துணி காய்வதும் கொதித்து அல்ல. அதோடு, பாத்திரத்துக்கு மேலே வெள்ளையாகத் தெரிகிறதே, அது நீராவி அல்ல; குளிர்ந்து மறுபடி நீராகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம். அதைக் காட்டி ‘இதுதான் ஆவி’ என்று சொன்னால், ஆவி என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள் என்று குழந்தை முடிவு செய்துவிடும். எந்தப் படியைப் புரியவைக்க வந்தோமோ அதையே மறைத்துவிடும் மாதிரி இது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கொதிநீர் வைப்பது கூடாது என்பது தனிக் காரணம்.

இரண்டாவது, பூட்டுப்பட்டை உள்ள பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் நீலத் தண்ணீர் ஊற்றி, பையின் மேல் சூரியனையும் மேகத்தையும் வரைந்து ஜன்னலில் ஒட்டுவது. அழகானது, செலவில்லாதது, ஆபத்தும் இல்லை. குறை என்னவென்றால், பையின் மேற்பகுதியில் துளிகள் தெரியும்போது அவை ஆவியாகிப் போனவையா, பையைத் தூக்கி ஒட்டும்போது தெறித்தவையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. துளிகள் வழிந்து பழைய தண்ணீரிலேயே கலந்துவிடுகின்றன. ‘நீங்கதான் டீச்சர் ஆட்டினீங்க’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த மாதிரியிடம் பதில் இல்லை. அப்படிச் சொல்லும் பிள்ளைதான் வகுப்பில் மிகச் சரியாக யோசிக்கும் பிள்ளை.

ஆகவே மேலே போய்த் திரும்பிய தண்ணீர் தனியாக ஓரிடத்தில் சேர வேண்டும். அது புறப்பட்ட தண்ணீரைவிட வேறாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றுவது பழைய, எளிய ஏற்பாடு ஒன்று: பேசினில் நிறமூட்டிய உப்புத் தண்ணீர், நடுவில் காலி டம்ளர், மேலே இறுகக் கட்டிய கண்ணாடித் தாள், தாளின் நடுவில் ஒரு கல். உப்பும் நிறமும் ஆவியாவதில்லை. டம்ளரில் சேரும் நீர் நிறமற்று, உப்பின்றி இருந்தால், அது தெறித்தோ வழிந்தோ வந்திருக்க முடியாது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நடப்பதும் இதன் ஒரு பாதிதான். அங்கே தண்ணீரைக் காற்றுக்கு விட்டுவிட்டுப் பாத்தியில் தங்கும் உப்பை வாருகிறார்கள். இங்கே உப்பைப் பேசினிலேயே விட்டுவிட்டுப் போன தண்ணீரைப் பிடிக்கிறோம்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி கெட்டுப்போவது பெரும்பாலும் அளவில்தான். வாய் 30 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பேசினை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பேசின் கிடைத்தால் நல்லது. எவர்சில்வர் ஆனாலும் குற்றமில்லை. ஒரு லிட்டர் குடிநீரில் இரண்டு மேசைக்கரண்டி தூளுப்பைக் கரையுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இதுவும் ஏறக்குறைய அவ்வளவே. நன்றாக நிறம் ஏறும் அளவுக்குக் கேசரிப் பவுடர் போடுங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், அது கரையாமல் அடியில் தங்கிவிடும். இந்த ஒரு லிட்டர் பேசினில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் நிற்கும். ‘கடல்’ என்றால் நிறையத் தண்ணீர் வேண்டாமா என்று கூடுதலாக ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். ஆழம் குறைந்தால்தான் வெயிலில் சீக்கிரம் சூடேறும். ஆழம் கூடினால் இன்னொரு தொல்லை, டம்ளர் மிதந்து சாயும். ஆறேழு சென்டிமீட்டர் உயரமுள்ள எவர்சில்வர் டம்ளர் இந்த ஆழத்தில் அசையாமல் நிற்கும். பிளாஸ்டிக் டம்ளர் நிற்காது.

வரிசையும் முக்கியம். பேசினை முதலில் வெயிலில், மாலை வரை நகர்த்தத் தேவையில்லாத இடத்தில் வையுங்கள். அடியில் கறுப்புத் துணி விரித்தால் இன்னும் நல்லது. பிறகு டம்ளரைத் துடைத்து, ஒரு பிள்ளையை உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘காய்ஞ்சுதான் இருக்கு’ என்று அந்தப் பிள்ளை வகுப்புக்கே சொல்லட்டும். பிற்பகலில் இந்தச் சாட்சி தேவைப்படும். டம்ளரை நடுவில் வைத்த பிறகு, தண்ணீரைப் பேசினின் ஓரமாகத் தெறிக்காமல் ஊற்றுங்கள். மேலே, கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்டிக் தாளைப் போட்டு விளிம்பைச் சுற்றி நூல்கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். தாள் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். டம்ளருக்கு நேர் மேலே ஒரு சிறு கூழாங்கல்லை வைத்தால் தாள் மூன்று சென்டிமீட்டர் போலத் தொய்ந்து கூம்பாகும். கூம்பின் நுனிக்கும் டம்ளர் வாய்க்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். நுனி டம்ளர் விளிம்பைத் தொட்டால் துளிகள் வெளிப்புறமாக வழிந்து பேசினிலேயே விழும்.

இத்தோடு நிறுத்தினால் பாதிப் பாடம்தான். பக்கத்திலேயே இன்னொரு பேசின் வையுங்கள்: அதே டம்ளர், அதே தாள், அதே கல், ஆனால் தண்ணீர் மட்டும் கிடையாது. பல ஆசிரியர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். என் கணிப்பில் பாடத்தின் உயிர் இந்தக் காலிப் பேசினில்தான் இருக்கிறது. டம்ளரில் நீர் சேர்ந்ததும் ‘மேலேயிருந்து தாள் வழியா வந்திருக்கும்’, ‘வெயில் பட்டால் பிளாஸ்டிக் வேர்க்கும்’ என்று விளக்கங்கள் வரும். வர வேண்டும். அவை உண்மையானால் காலிப் பேசினிலும் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் சொல்லவேண்டியதில்லை. இரண்டு பேசினும் அருகருகே இருந்தால் பிள்ளைகளே சொல்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாத சோதனையில் ஆசிரியரின் வார்த்தைதான் கடைசி வார்த்தை. காலிப் பேசின் இருந்தால் அந்தப் பொறுப்பு பேசினுக்குப் போய்விடுகிறது.

பாடம் ஒரு நாள் முழுவதும் பரவி நடக்கும், ஆனால் அதற்கு ஒரு நாளின் பாடவேளைகள் முழுவதும் தேவையில்லை. காலையில் முதல் வேலை, பிள்ளைகளின் இப்போதைய எண்ணத்தை வெளியே கொண்டுவருவது. முற்றத்துச் சிமெண்ட் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, ஈரத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் வட்டமிடச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் ஈரம் கோட்டை விட்டு உள்ளே சுருங்கியிருக்கும். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தாளில் படமாக வரையச் சொல்லுங்கள். தரைக்குள் போகிற கோடுகள் நிறைய வரும். சூரியன் குழாய் போட்டு உறிஞ்சுவதும் ஒன்றிரண்டு வரும். எதையும் திருத்தாமல் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரை என்ற சந்தேகத்தை அன்றைக்கே தீர்க்கலாம்: எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டித் தண்ணீரைப் பரப்பி வெயிலில் வையுங்கள். தட்டும் காய்ந்துவிடும், தட்டு எதையும் உறிஞ்சாது. இப்போது பிள்ளைகளுக்கு உண்மையான ஒரு புதிர் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பேசின்கள் வெளியே வர வேண்டும். பத்து மணிக்குள் கட்டிவிட்டால், பிறகு ஒவ்வொரு பாடவேளை மாறும்போதும் இரண்டு நிமிடம் போய்ப் பார்த்துவந்தால் போதும்.

அந்த இரண்டு நிமிடங்களில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் தாளின் உட்புறம் மங்கும். நல்ல வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் இது தெரியும். அரைமணி ஆகியும் தாள் தெளிவாகவே இருந்தால் விளிம்பில் எங்கோ காற்று போகிறது, கயிற்றை இறுக்குங்கள். பிறகு மங்கல் சிறு மணிகளாகும், மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனக்கும், கனத்தவை கூம்பின் சரிவில் இறங்கும். ஒரு துளி இறங்கும்போது வழியிலுள்ளவற்றை எல்லாம் சேர்த்துக்கொண்டு போவதைப் பிள்ளைகள் கவனித்தால் அவசரப்படுத்தாதீர்கள், மேகத்துக்குள்ளும் துளிகள் இப்படி மோதிச் சேர்ந்துதான் மழைத்துளி அளவுக்குப் பெருக்கின்றன. இதில் எங்கேயும் பேசினிலிருந்து மேலே எதுவும் எழும்புவதைப் பார்க்க முடியாது என்பதைத் திரும்பத் திரும்பக் கேள்வியாக்குங்கள். ‘கீழே தண்ணி இருக்கு, மேலே துளி இருக்கு, நடுவில என்ன தெரியுது?’ ஒன்றும் தெரியவில்லை என்ற பதில்தான் இந்தப் பாடத்தின் மிக முக்கியமான கவனிப்பு.

எவ்வளவு நீர் சேரும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது ஏமாற்றத்தைத் தவிர்க்கும். இதே தத்துவத்தில் இயங்கும், நன்றாகக் கட்டப்பட்ட சூரிய வடிகலம் நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று லிட்டர் தரும். நம் பேசினின் பரப்பு சதுர மீட்டரில் நூற்றுக்கு ஏழு பங்குதான். ஆக, எல்லாம் சரியாக அமைந்தாலும் நாள் முழுவதும் 200 மில்லிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நம் தாளோ நடுவில் மட்டும் சரிந்தது, பாதிக்கு மேற்பட்ட துளிகள் டம்ளரைத் தவறவிட்டுப் பேசினிலேயே விழும். நான்கு மணி நேரத்தில் ஒன்று முதல் மூன்று தேக்கரண்டி சேர்ந்தால் மாதிரி நன்றாக வேலை செய்திருக்கிறது. ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கும் கணக்கு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். பேசினுக்குள் இருப்பது ஏழு லிட்டர் காற்று. அதில் எந்தக் கணத்திலும் இருக்கக்கூடிய தண்ணீர் நாலைந்து துளி. அந்த நாலைந்து துளி ஏறி, தாளில் ஒட்டி, இடம் காலியாகி, அடுத்தவை ஏறி என்று ஓயாமல் நடப்பதால்தான் டம்ளரில் கரண்டிக் கணக்கில் சேர்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொறுமை இழந்து பதினோரு மணிக்கே தாளைப் பிரித்துவிடாமல் இருக்க ஆசிரியருக்கு இது உதவும்.

மழைக்காலத்திலோ மேகமூட்டத்திலோ வெயிலை நம்ப முடியாது. அப்போது கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கரைசல் செய்து, கல்லுக்குப் பதிலாகப் பனிக்கட்டியைத் தாளின் மேல் வைக்கலாம்; ஒரு மணி நேரத்திலேயே துளிகள் சொட்டும். ஆனால் வேகத்தோடு ஒரு சிக்கலும் வருகிறது. பனிக்கட்டி உருகும், உருகிய நீர் தாளின் மேல் நிற்கும், அதுதான் கீழே இறங்கியது என்று வகுப்பில் பாதிப் பேர் நம்புவார்கள். அதனால் பனிக்கட்டியைக் கசியாத பையில் கட்டி வையுங்கள். காலிப் பேசினின் மேலும் அதே அளவு வையுங்கள். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமானது என்பதால் காலிப் பேசினின் தாளிலும் இலேசாக மங்கல் படியலாம். அதை மறைக்க வேண்டாம். டம்ளரில் துளி சேரவில்லை என்பதையும், அந்த மங்கலும் பேசினுக்குள் இருந்த காற்றிலிருந்துதான் வந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால் அதுவே கூடுதல் சான்றாகிவிடும்.

பிரிக்கும் நேரம் பிற்பகல் இரண்டு மணி. கல்லை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, தாளைச் சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் ஓரத்துத் துளிகள் டம்ளரில் விழுந்து, காலையிலிருந்து காத்த நேர்மை கெட்டுவிடும். காலையில் டம்ளரைத் தொட்ட பிள்ளையே இப்போதும் எட்டிப் பார்க்கட்டும். நிறம் இருக்கிறதா? இலேசாக நிறம் தெரிந்தால் எங்கோ தெறித்திருக்கிறது; அதை ஒப்புக்கொண்டு மறுநாள் திரும்பச் செய்வதே சரி, சாக்குச் சொல்லிக் கடத்தக் கூடாது. நிறமற்று இருந்தால் அடுத்த கேள்வி உப்பு. நாக்கில் வைத்துப் பார்க்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். எல்லாம் சுத்தமான பாத்திரங்கள்தான் என்று உங்களுக்கு உறுதி இருந்தாலும், சுவைப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. கறுப்பு நிறத் தட்டு அல்லது கழுவிய தோசைக்கல்லின் மேல் பேசின் நீரில் ஒரு சொட்டும் டம்ளர் நீரில் ஒரு சொட்டும் சற்று இடைவெளி விட்டு வைத்து, வெயிலில் காயவிடுங்கள். ஒன்று நிறமும் வெள்ளைப் படிவும் விட்டுப்போகும். மற்றது தடயமின்றிக் காயும். சுவை ஒருவர் சொல்லி மற்றவர் நம்புவது. தோசைக்கல்லின் தடம் முப்பது பேரும் ஒன்றாகப் பார்ப்பது.

இதற்குப் பிறகுதான் சொற்கள். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்ற பெயர்களை நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு, பார்த்ததன் மேல் ஒட்டுங்கள். தண்ணீர் மிகச்சிறிய துளிகளாகிப் பறக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்; துளி எவ்வளவு சிறிதானாலும் திரளாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், அதுதான் மேகம், அதுதான் மூடுபனி. தண்ணீர் காற்றோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, குளிர்ந்தால் மறுபடி துளியாகத் தெரிகிறது என்பது இந்த வயதுக்குப் போதும். மூலக்கூறுகளை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம். சுவர் வரைபடத்தையும் இப்போது கொண்டுவரலாம். கடலிலிருந்து ஏறும் அம்புக்குறி இனி அவர்களுக்கு வெறும் கோடு அல்ல.

எதிர்வாதங்கள் இரண்டைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று நேரம் பற்றியது. பாடத்திட்டத்தில் இரண்டு பக்கம், ஒதுக்கியது இரண்டு பாடவேளை, அதற்குள் ஆறு, நிலத்தடி நீர், மழைநீர் சேகரிப்பு எல்லாம் முடிக்க வேண்டும். ஒரே படிக்கு ஒரு நாளா என்று கேட்கலாம். உண்மையில் செலவாகும் வகுப்பு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: காலையில் முக்கால் மணி, நடுவில் சில நிமிடங்கள், பிற்பகலில் முக்கால் மணி. இரண்டு பாடவேளைதான். மீதி நேரம் பேசின் வெயிலில் வேலை செய்கிறது, நீங்கள் கணக்குப் பாடம் நடத்துகிறீர்கள். ஆறும் நிலத்தடி நீரும் விடுபட்டுப்போவது உண்மை. பேசினுக்குள் களிமண் மலை கட்டி, பஞ்சு மேகம் ஒட்டி எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் காட்டும் ஆசை வரும். அதை நான் பரிந்துரைக்கவில்லை. மண் தண்ணீரைக் கலக்கும், பஞ்சு ஈரத்தை உறிஞ்சும், சான்று போய்ப் பொம்மை மிஞ்சும். ஆறும் வாய்க்காலும் கண்ணுக்குத் தெரிபவை, அவற்றுக்கு மாதிரியைவிட ஊர் ஏரிக்கரையே நல்ல இடம்.

மற்றது இன்னும் கடினமான கேள்வி: வானத்துக்கு மூடி கிடையாதே, பேசினைப் பார்த்த குழந்தை மேலே ஒரு கூரை இருப்பதாக நினைக்காதா? நினைக்கலாம். மாதிரி இந்த இடத்தில் உண்மையைவிட்டு விலகுகிறது என்பதை ஆசிரியர் முதலில் தானே உணர்ந்திருக்க வேண்டும். வானில் ஈரக்காற்று எதன் மேலும் மோதிக் குளிர்வதில்லை. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். துளி ஒட்டிக்கொள்ளத் தாளுக்குப் பதில் அங்கே தூசியும் உப்புத் துகளும் மிதக்கின்றன. பிள்ளைகளிடம் இதைச் சுருக்கி, பாடத்தின் கடைசியில், கேள்வியாகவே வையுங்கள்: ‘நம்ம பேசினுக்கு மூடி இருக்கு. வானத்துக்கு இருக்கா? அப்போ துளி எதுல ஒட்டும்?’ மலையேறினால் குளிரும் என்று ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்த பிள்ளை சொல்லும், அங்கிருந்து மீதியை நீங்கள் சொல்லலாம். மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்று தேடுவதையும் பாடத்தின் பகுதியாக்கினால் அந்தப் பொய்யால் கெடுதல் குறைவு. பொம்மைப் பாத்திரத்தை வைத்துக் கடலைப் பற்றிப் பேசலாமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1687இல் எட்மண்ட் ஹாலி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் இதையேதான் செய்தார். ஒரு சாணுக்கும் குறைந்த அகலமுள்ள பாத்திரத்தில் கடல்நீர் அளவுக்கு உப்பிட்ட தண்ணீரைக் கோடைக்காலக் காற்றின் சூட்டுக்குக் கொண்டுவந்து, தராசில் தொங்கவிட்டார். இரண்டு மணி நேரத்தில் சுமார் அரை அவுன்ஸ் குறைந்தது. அந்த அளவை வைத்துத்தான் மத்தியதரைக் கடலிலிருந்து கோடையில் நாளொன்றுக்கு 528 கோடி டன் நீர் காற்றில் கலக்கிறது என்று கணக்கிட்டார்.

புரிந்ததா என்பதைச் சோதிக்க, நீர்ச்சுழற்சியை வரைக என்று கேட்பதில் பயனில்லை. சுவரில் மாட்டிய படத்தை நகலெடுப்பார்கள். மறுநாள் வேறு சூழலில் அதே கருத்தைக் கேளுங்கள். கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரில் பனிக்கட்டி போட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைத்தால் சில நிமிடங்களில் வெளிப்புறம் வேர்க்கும். இது எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பேசின் பாடம் ஏறியிருந்தால் ‘காத்துல இருந்து’ என்ற பதில் கணிசமாக வரும். கசிவு என்பவர்கள் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்க்கட்டும், நிறம் ஒட்டாது. தண்ணீர் மட்டும் கசிந்து நிறம் உள்ளே நின்றுவிட்டது என்று அப்போதும் ஒரு பிள்ளை வாதாடக்கூடும். நேற்றைய பேசினில் அப்படித்தானே நடந்தது என்பதால் அது பலமான வாதம், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்காக, குளிர்பெட்டியில் வைத்த ஒரு லிட்டர் பாட்டிலை இறுக மூடித் துடைத்து, தட்டில் வைத்து, தட்டோடு எலக்ட்ரானிக் தராசில் ஏற்றுங்கள். எடையைக் கரும்பலகையில் எழுதுங்கள். உள்ளிருந்த நீரே கசிந்து வெளியே வந்திருந்தால் மொத்த எடை மாறக் கூடாது. வழியும் துளி தட்டிலேயே விழும்படி விட்டு அரைமணி கழித்துப் பாருங்கள். ஈரப்பதமுள்ள நாளில் எடை சில கிராம் கூடியிருக்கும்.